பிளிமத் நகரின் பேக் வழக்கு

“இங்கிலாந்தில் அதிகாரிகளைத் தட்டிக்கேட்க 20ஆம் நூற்றாண்டு வரை சட்டமே இல்லை, ஆங்கிலேய சட்ட அறிஞர் டைசியே சொல்லிவிட்டார்.”

தவறு. 1615இல் நடந்த பேக் வழக்கைப் பாருங்கள். பிளிமத் நகர மன்ற உறுப்பினர் ஜேம்ஸ் பேக், மேயரை வாய்க்கு வந்தபடி ஏசினார் என்று பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அரச நீதிமன்றம் நகர நிர்வாகத்துக்கு மண்டாமஸ் எனும் நீதிப்பேராணை அனுப்பியது: அவரைத் திரும்பச் சேருங்கள், இல்லையேல் காரணம் சொல்லுங்கள். சொன்ன காரணம் எடுபடவில்லை. தலைமை நீதிபதி கோக்கின் நிலைப்பாடு தெளிவானது: ஏச்சுப் பேச்சு மட்டும் பதவியைப் பறிக்கப் போதாது, அதுவும் பேக்கின் தரப்பைக் கேட்காமல். பேக் மீண்டும் பதவியில் அமர்ந்தார்.

சரி, டைசி 1885இல் எதை மறுத்தார்? அதிகாரிகள் மீதான வழக்குகளைத் தனி மன்றங்கள், தனி விதிகளின்படி விசாரிக்கும் பிரெஞ்சு முறையை. அது அதிகாரிகளுக்குக் கவசமாகிவிடும் என்று சந்தேகப்பட்டார். சாதாரண நீதிமன்றமே அதிகாரியையும் விசாரிக்க வேண்டும் என்பதுதான் அவர் வாதம்.