தகட்டைப் படம்பிடித்தால் மட்டும் கரண்ட் பில் வந்துவிடாது

ஏசியின் விவரத் தகட்டைக் கைப்பேசியில் படம்பிடித்து, "தினமும் எட்டு மணி நேரம் ஓடும், மாதம் எவ்வளவு வரும்?" என்று அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்கிறார். இரண்டு நிமிடத்துக்குள் நான்கு பேர் நான்கு விடை சொல்லிவிடுகிறார்கள். ஒருவர் ஐந்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும் என்று பயமுறுத்துகிறார். இன்னொருவர் அறுநூறு ரூபாய்தான் என்று தைரியம் சொல்கிறார். இருவரும் பார்த்தது ஒரே படத்தை. கேட்டவரோ அந்த விடையை நம்பித்தான் வாங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார், அல்லது வாடகைக்கு இருப்பவரிடம் அந்தத் தொகையைக் கறாராகக் கேட்கிறார். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் பொங்குகிறது.

முதலில் அந்தத் தகட்டில் என்னதான் எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்கும் பொறுமையாவது வேண்டாமா? ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி ஒன்றின் வெளி யூனிட்டில் ஒட்டியிருக்கும் தகட்டை எடுத்துக்கொள்வோம். குளிர்விக்கும் திறன் 5000 வாட், மின் உள்ளீடு 1450 வாட், அதிகபட்ச மின்னோட்டம் 10 ஆம்பியர் என்று மூன்று வரிகள் அடுத்தடுத்து இருக்கின்றன. இவற்றில் முதல் வரிக்கும் நம் மீட்டருக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. அது அறையிலிருந்து வெளியே தள்ளப்படும் வெப்பத்தின் அளவு. அதற்காக ஏசி இழுக்கும் மின்சாரம் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் பெரிய எழுத்தில் முதலில் கண்ணில் படுவது அதுதான் என்பதால், 5 கிலோவாட்டை 8 மணி நேரத்தாலும் 30 நாளாலும் பெருக்கி, மாதம் 1200 யூனிட் என்று கூசாமல் எழுதிவிடுகிறார்கள். வேறொருவர் 10 ஆம்பியரை 230 வோல்ட்டால் பெருக்கி, அதே மணிக்கணக்கைப் போட்டு 552 யூனிட் என்கிறார். அந்த 10 ஆம்பியர், வயரும் பிரேக்கரும் எவ்வளவு தாங்க வேண்டும் என்று எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லும் எண். இரவெல்லாம் ஏசி அதை இழுத்துக்கொண்டிருப்பதில்லை.

படத்தின் தரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வெயிலில் வெளுத்த தகட்டின் மேல் ஃபிளாஷ் அடித்துப் படம் எடுக்கிறார்கள். வெளிச்சம் பட்ட இடத்தில் புள்ளி மறைந்து 6.5 என்பது 65 ஆகிவிடுகிறது. சிலர் மாடிக்கு ஏறச் சோம்பல்பட்டு, உள்ளே சுவரில் இருக்கும் பகுதியின் தகட்டை எடுத்து அனுப்புகிறார்கள். அதில் அந்தச் சிறிய விசிறியின் வாட் மட்டும் போட்டிருந்தால், "ஏசி வெறும் நாற்பது வாட்தானாம்" என்று ஒரு புதிய வதந்தி கிளம்பிவிடுகிறது.

சரியான வரியான 1450 வாட்டையே எடுத்துப் பெருக்கினாலும் மாதம் 348 யூனிட் என்று வரும். அதுவும் நிஜம் அல்ல. வெளியே 35 டிகிரியும் அறைக்குள் 27 டிகிரியும் இருக்கும் சோதனைக் கூடத்தில், முழுத் திறனில் ஓடும்போது அளந்த எண் அது. நம் வீட்டில் போட்டவுடன் முதல் அரை மணி நேரம் கம்ப்ரசர் மூச்சுப்பிடித்து ஓடும். அறை குளிர்ந்து, 26 டிகிரியில் நிற்க ஆரம்பித்ததும் இன்வெர்ட்டர் வேகத்தைக் குறைத்துவிடும். விடியற்காலையில் அந்த 1450 வாட்டில் மூன்றில் ஒரு பங்கோடு அது சமாளிப்பது சாதாரணம். ஆக, "எட்டு மணி நேரம் ஓடுகிறது" என்பது ஸ்விட்ச் போட்டிருக்கும் நேரமே தவிர, முழு மின்சாரம் இழுக்கும் நேரம் அல்ல. இதைச் சொன்னால், "தகட்டில் போட்டிருப்பது பொய்யா?" என்று நம்மிடமே சண்டைக்கு வருகிறார்கள்.

இதற்கு உதவும் எண் வேறொரு இடத்தில், முகப்பிலேயே ஒட்டிய ஸ்டார் லேபிளில் இருக்கிறது. அதை யாரும் படம்பிடிப்பதில்லை என்பதுதான் என் பெரிய ஆத்திரம். ஆண்டுக்கு 1600 மணி நேரம் ஓடினால் எத்தனை யூனிட் ஆகும் என்று அதில் அச்சிட்டிருக்கிறது; வெளி வெப்பம் ஏறி இறங்குவதைக் கணக்கில் கொண்ட எண் அது. 960 யூனிட் என்று போட்டிருந்தால், அதை 1600ஆல் வகுத்தால் மணிக்கு 0.6 யூனிட், எட்டு மணி நேரத்துக்கு 4.8, மாதத்துக்கு 144. வெயிலில் காய்ந்த கான்கிரீட் தளத்துக்கு நேர் கீழே இருக்கும் மேல்மாடி அறையில், 22 டிகிரி வைத்துத் தூங்குபவருக்கு இது போதாது, 200ஐக்கூடத் தாண்டலாம். ஆனாலும் 1200 எங்கே, இது எங்கே?

யூனிட் கணக்கு ஒருவழியாகச் சரியானதும் பணக் கணக்கில் வந்து கவிழ்க்கிறார்கள். போன பில் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து, ஒரு யூனிட் நாலேகால் ரூபாய் என்று வைத்துக்கொண்டு, 144 யூனிட்டுக்கு அறுநூற்றுச் சொச்சம் என்று முடித்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கப்படுகிறது என்பதும், யூனிட் கூடக்கூட விலையும் படிப்படியாக ஏறும் என்பதும், முதல் 100 யூனிட் இலவசம் என்பதும் இவர்களுக்குத் தெரியாததா? ஏசி சேர்க்கும் யூனிட்கள் எல்லாம் ஏற்கெனவே உள்ள பயன்பாட்டின் உச்சியில்தான் போய் உட்காரும். ஏசி இல்லாமலே இரண்டு மாதத்துக்கு 510 யூனிட் ஆகும் வீட்டில், ஏசியின் 288 யூனிட் சேர்ந்தால் 798 ஆகிறது. 2024 ஜூலையில் வந்த விகிதப்படி, 511 முதல் 600 வரையுள்ள 90 யூனிட்டுக்கு 8.55 ரூபாய் வீதமும், மீதி 198 யூனிட்டுக்கு 9.65 ரூபாய் வீதமும் போட்டால் 2680 ரூபாய், அதாவது மாதம் 1340 ரூபாய். சராசரியை வைத்து அறுநூறு என்றவரின் பேச்சைக் கேட்டவர், பில் வரும் நாளில் மீட்டர்தான் கோளாறு என்று புகார் எழுதப் போகிறார். இதே ஏசி 450 யூனிட் செலவாகும் வீட்டுக்குப் போனால் கணக்கு இன்னும் மாறும். 500ஐத் தாண்டியவுடன், கீழ்ப்படிகளுக்குக் கிடைத்துவந்த சலுகையும் சேர்ந்து போய்விடும். ஆகவே முந்தைய பில்லின் யூனிட் எண்ணிக்கையைச் சொல்லாமல் "மாதம் எவ்வளவு ரூபாய்?" என்று கேட்கும் கேள்விக்கு விடையே இல்லை.

ஏசி ஏற்கெனவே மாட்டியாகிவிட்டது என்றால் இந்த ஊகம் எதுவும் தேவையில்லை. இரவு பத்து மணிக்கு மீட்டரின் யூனிட் எண்ணையும் காலை ஆறு மணிக்கு அதே எண்ணையும் படம்பிடித்தால் போதும். ஏசி போடாத ஓர் இரவில் ஃப்ரிட்ஜும் விசிறியும் 1.6 யூனிட் எடுத்திருந்து, போட்ட இரவில் வித்தியாசம் 7 யூனிட் வந்தால், ஏசியின் பங்கு 5.4. தசமம் காட்டாத மீட்டராக இருந்தால், சில இரவுகளைச் சேர்த்துப் பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். அந்த 5.4ஐ இரண்டு மாதத்தின் 60 நாளால் பெருக்கினால் 324 யூனிட்; படிநிலை விலையைப் போட வேண்டியது அந்த எண்ணின் மேல்தான். இனி யாராவது தகட்டுப் படத்தை மட்டும் அனுப்பி விடை கேட்டால், ஸ்டார் லேபிளும் போன பில்லும் வரும்வரை தயவுசெய்து யாரும் எண் எதையும் எழுதாதீர்கள்.