ஆண்டிறுதி நிமிடக் கணக்கு எங்கே பிசகுகிறது?

ஸ்பாட்டிஃபை ஆண்டிறுதியில் தரும் தொகுப்பில் உள்ள நிமிடங்கள் தாங்கள் கேட்டதற்குப் பொருந்தவில்லை என்று நண்பர்கள் பலர் சொல்கிறார்கள். பெரும்பாலும் கூட்டலில் பிழை இருப்பதில்லை. எதை, எந்த நாள்வரை கூட்டினார்கள் என்பது அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே அச்சிடப்படாததுதான் குறை என்பது என் உறுதியான கருத்து.

முதலில் காலவரம்பு. கணக்கு ஜனவரி 1இல் தொடங்குகிறது. தொகுப்போ நவம்பர் இறுதியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ வெளிவந்துவிடுகிறது. அடுத்த ஆண்டின் கணக்கு மீண்டும் ஜனவரி 1இல்தான் தொடங்கும் என்பதால், டிசம்பரில் கேட்பவை எந்த ஆண்டிலும் சேர்வதில்லை. மார்கழி முழுவதும் விடியற்காலையில் திருப்பாவை கேட்பவருக்கு அம்மாதத்தின் முற்பாதி கணக்கிலேயே வராது.

அடுத்து, பாட்டின் எண்ணிக்கையும் நிமிடமும் வெவ்வேறு கணக்குகள். 30 விநாடி ஓடினாலே ஒரு பாட்டு ஒருமுறை கேட்கப்பட்டதாகிவிடும். நிமிடமோ உண்மையில் ஓடிய நேரம். ஆகவே ஐந்து நிமிடப் பாட்டு ஒன்றை நூறு முறை போட்டு, ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடத்தில் தாண்டிப் போனவர், எண்ணிக்கையை நீளத்தால் பெருக்கி 500 நிமிடத்தை எதிர்பார்த்தால் ஏமாந்துபோவார். அவர் கேட்டது 100 நிமிடமே.

ஐயம் தீர ஒரு வழி உண்டு. கணக்கின் தனியுரிமைப் பக்கத்தில் விரிவான கேட்பு வரலாற்றைக் கோரலாம். வந்து சேர 30 நாள் வரை ஆகலாம். அதில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பதிவு இருக்கும். அதன் சில வரிகள் இந்த வடிவில் அமையும்:

```json
"ts": "2024-03-09T22:41:10Z",
"ms_played": 14200,
"reason_end": "fwdbtn"
```

`ms_played` என்பது ஓடிய மில்லிவிநாடி: இங்கே 14.2 விநாடி. `fwdbtn` என்றால் கேட்டவர் அடுத்த பாட்டுக்குத் தாவிவிட்டார். `ts` பாட்டு நின்ற நேரம். அது உலகப் பொது நேரத்தில் இருப்பதால் ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். நமக்கு இது மார்ச் 10, அதிகாலை 4.11. இதைக் கவனிக்காவிட்டால் ஜனவரி 1 அதிகாலையில் கேட்டவை முந்தைய ஆண்டில் போய் விழும்.

ஓர் ஆண்டின் `ms_played` அனைத்தையும் கூட்டி 60,000ஆல் வகுத்தால் நிமிடம் கிடைக்கும். நவம்பர் நடுப்பகுதி வரையிலான கூட்டுத்தொகை தொகுப்பின் எண்ணை ஒட்டி வந்தால், காணாமல் போனவை கடைசி வாரங்கள்தான். எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக இருந்தால் நள்ளிரவுக்குப் பின்னான பதிவுகளைப் பாருங்கள். தூங்கும்போது எட்டு மணி நேரம் மழையோசை ஓடவிட்டால் ஓர் இரவுக்கு 480 நிமிடம், 300 இரவுகளுக்கு 1,44,000. காது கேட்டதா என்று செயலிக்குத் தெரியாது. ஒலி ஓடியது என்பது மட்டுமே அதற்குத் தெரியும்.