அட்டாச்மென்ட்டைத் திறந்தா கை சுட்டுடுமா?

இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டாங்க. "எல்லா சர்டிபிகேட்டும் மெயில் பண்ணுங்க"ன்னு ஒரே வரி. சரி, ஒழுங்கா பண்ணுவோம்னு ஞாயித்துக்கிழமையைத் தொலைச்சேன். எட்டு செமஸ்டர் மார்க் ஷீட்டையும் கடையில ஸ்கேன் பண்ணி, வரிசையா ஒரே பிடிஎஃப் ஆக்கினேன். ஒரு பக்கம் தலைகீழா விழுந்திருந்துச்சு, திரும்பப் போய் எடுத்தேன். ஃபைலுக்குப் பேரு `Meena_R_03_Semester_1-8.pdf`. பச்சைக் குழந்தைக்குக்கூட இவ்வளவு யோசிச்சுப் பேர் வைக்க மாட்டாங்க!

ஆதார் பிடிஎஃப் பாஸ்வேர்டு கேக்கும். பேரோட முதல் நாலு எழுத்து, பிறந்த வருஷம்னு அதையும் மெயில்லயே விளக்கினேன். பட்டமளிப்பு விழா இன்னும் நடக்கல, அதனால ப்ரொவிஷனல் சர்டிபிகேட் வச்சிருக்கேன்னு தனியா ஒரு வரி. சப்ஜெக்ட்ல வேலை பேரு, இன்டர்வியூ தேதி எல்லாம்.

மறுநாள் பதில்: "டிகிரி சர்டிபிகேட் மிஸ்ஸிங்."

அந்த ஒரு வரியை யாருக்காகம்மா எழுதினேன்? சாயங்காலம் இன்னொருத்தர்: "ஆதார் ஓபன் ஆகல." அடுத்த நாள் மூணாவது ஆள்: "எல்லாத்தையும் வாட்ஸ்அப்ல போட்டு விடுங்க." போட்டேன். "ஒவ்வொரு செமஸ்டரும் தனித்தனியா வேணும்." பிரிச்சேன். "ஒரே ஃபைலா குடுங்களேன்." அடேங்கப்பா! அதைத்தானே முதல்ல அனுப்பினேன்?

இன்டர்வியூ அன்னைக்கு வாசல்ல ஒரு அண்ணன் கை நீட்டுறாரு: "ரெண்டு செட் ஜெராக்ஸ் இருக்காம்மா?"