வண்ணப்பூச்சுக்குப் பறிபோகும் முன்பணம்

வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைத்த பிறகும், முன்பணத்தைத் திரும்பக் கேட்டு உரிமையாளருக்குக் கடிதம் எழுத வேண்டியிருப்பதே எரிச்சல். வீடு முழுவதற்கும் வண்ணம் பூசும் செலவை என் தலையில் கட்ட முடியாது என்று அதில் விளக்க வேண்டியிருப்பது அதைவிடப் பெரிய எரிச்சல். வெயிலில் வெளுத்த சுவரும் நாற்காலி உரசிய தடமும் குடியிருப்பதால் வரும் இயல்பான தேய்மானமே தவிர, சேதம் அல்ல. சுவரில் ஓட்டை விழுந்திருந்தால் அது சேதம். அப்போதுகூட ஓட்டையை அடைத்து அந்தச் சுவருக்குப் பூசும் செலவைத்தான் கேட்கலாம். அதுவும் முழுமையாக அல்ல: பூச்சின் ஆயுள் 5 ஆண்டு என்று கொண்டால், நான் குடிவந்தபோதே 1 ஆண்டு பழையதாயிருந்த பூச்சு, 3 ஆண்டு வாழ்ந்தபின் ஐந்தில் ஒரு பங்கு மதிப்பையே தாங்கி நிற்கிறது. பழைய பூச்சுக்குப் புதிய பூச்சின் விலையை வாங்குவது ஈடா, லாபமா?

முன்பணத்தில் பிடித்தவை என்று உரிமையாளர் தந்த பட்டியலின் கடைசியில் "இதர செலவு" என்று ஒரு வரி வேறு. அதற்கு ரசீது கிடையாது. ஆகவே, ஒவ்வொரு பிடித்தத்துக்கும் ரசீதையும், குடிவந்தபோதும் காலி செய்தபோதும் எடுத்த ஒளிப்படங்களையும் அனுப்புமாறும், தகராறில்லாத தொகையை அதுவரை நிறுத்திவைக்காமல் உடனே தருமாறும், பதில் தரக் கடைசி நாளைக் குறிப்பிட்டு எழுதியிருக்கிறேன்.