அழுத்தம் 17, ஆனாலும் கிளாக்கோமா

"கண்ணாடிக் கடையில் காற்று ஊதிப் பார்த்தார்கள், கண் அழுத்தம் 17 தான். அப்போ எனக்கு கிளாக்கோமா இல்லைதானே?"

பார்வை நரம்பைக் கெடுக்கும் அந்த நோய் இல்லை என்று எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. என் அப்பாவுக்கும் 17 தான். 10 முதல் 21 வரை இயல்பு என்பதால் நாங்களும் நிம்மதியாக இருந்துவிட்டோம். அப்புறம் கண்புரைக்காகப் போன இடத்தில், சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்துப் பார்த்த டாக்டர், இடது கண்ணில் பார்வை நரம்பின் நடுக்குழி அகன்றிருக்கிறது, கிளாக்கோமாவாக இருக்கலாம் என்றார். கருவிழியின் தடிமனை அளந்தால் 480 மைக்ரான். சராசரி 540-ஐ ஒட்டி இருக்கும். கருவிழி மெல்லியதாக இருந்தால் கருவி அழுத்தத்தைக் குறைத்துக் காட்டுமாம். தவிர, சிலருக்கு இயல்பான அழுத்தத்திலேயே நரம்பு கெடுவதும் உண்டு.

சுற்றிலும் எவ்வளவு தெரிகிறது என்று பார்க்கும் பார்வைப் புலச் சோதனையில் அந்தக் கண்ணின் மேல்பக்கம், மூக்கை ஒட்டி, ஒரு பகுதியே இல்லை. அப்பாவோ அதுவரை தினமும் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்! ஒரு கண்ணில் விட்டுப்போவதை மறு கண் ஈடுகட்டிவிடுகிறது, நடுப்பார்வையும் கடைசிவரை தெளிவாக இருக்கிறது. எப்படித் தெரியும்?

இப்போது இரவில் ஒரு சொட்டு, அழுத்தம் 12. போன பார்வை திரும்பவில்லை. நீங்கள் நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.