எந்த ஸ்லைடில் நின்றீர்கள் என்று சொல்லுங்கள்

நேற்று முழுக்க என்னை 'வாத்தியார்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பதிவு இப்போது இல்லை, போட்ட தம்பியே அழித்துவிட்டார். நடந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முழுக்கத் திரும்பச் சொல்லப் போவதில்லை. இன்ஸ்டாகிராமுக்காகச் செய்த, ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கும் ஒன்பது ஸ்லைடு கரோசல் ஒன்றின் டிராஃப்டைப் போட்டு "பார்த்துச் சொல்லுங்க, நாளைக்குப் போடணும்" என்று கேட்டார். "சூப்பர் ப்ரோ" வந்தது, "கலர் மாத்தலாம்" வந்தது, "ஏதோ மிஸ் ஆகுது" வந்தது. நான் கொஞ்சம் நீளமாக எழுதினேன். உடனே "பாடம் எடுக்காதீங்க", "சின்னப் பையனை நோகடிக்காதீங்க" என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

சரி, அந்த டிராஃப்டை வைத்தே பேசுவோம். போனில் இருக்கும் படங்களை எப்படி பேக்கப் எடுப்பது என்பதுதான் விஷயம். முதல் ஸ்லைடில் "போன் தொலைந்தால் உங்கள் படங்கள் என்ன ஆகும்?" என்று பெரிதாகக் கேட்டிருந்தார். நல்ல கேள்வி, எனக்கே கை தானாக ஸ்வைப் செய்தது. இரண்டாவது ஸ்லைடில் அவருடைய படமும் அறிமுகமும். மூன்றாவதில் பேக்கப் என்றால் என்ன என்ற விளக்கம். நான்காவதில் எத்தனை பிரதிகளை எங்கெங்கே வைப்பது என்று சொல்லும் 3-2-1 விதி. கேட்ட கேள்விக்குப் பதில் ஐந்தாவது ஸ்லைடில்தான் வருகிறது: போனும் கிளவுடும் சிங்க் ஆகிக்கொண்டிருந்தால் அது பேக்கப் ஆகிவிடாது, இங்கே ஒரு படத்தை அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும். அந்த டிராஃப்டிலேயே தூக்கிவாரிப் போடும் ஒரே வாக்கியம் அதுதான். அது ஐந்தாவதில் புதைந்து கிடந்தது.

நான் எழுதியது இதைத்தான்: "இரண்டாவது ஸ்லைடில் நின்றுவிட்டேன். பதில் வரும் என்று வந்தேன், உங்கள் அறிமுகம் இருந்தது. ஐந்தாவதை இரண்டாவதாகக் கொண்டு வந்தால் மூன்றாவது ஸ்லைடே தேவைப்படாது என்று தோன்றுகிறது." இதில் நோகடிப்பது எது? படித்தபோது எனக்குள் என்ன நடந்தது, எந்த இடத்தில் நடந்தது, ஏன் நடந்தது. அவ்வளவுதான். கரோசலைப் பற்றிச் சொல்லும் எந்தக் கருத்திலும் இந்த மூன்றும் இருந்தாக வேண்டும் என்பதுதான் என் கட்சி. எந்த ஸ்லைடு, என்ன ஆச்சு, ஏன். "ஏதோ மிஸ் ஆகுது" என்பதில் இந்த மூன்றில் ஒன்றாவது இருக்கிறதா?

இரண்டாவது ஸ்லைடைப் பற்றி இன்னொன்று. முதல் முறை ஸ்வைப் செய்யாமல் கடந்துபோனவருக்கு இன்ஸ்டாகிராம் சில நேரம் அதே கரோசலை மறுபடி காட்டும், அப்போது இரண்டாவது ஸ்லைடிலிருந்து காட்டும். அதாவது அது இன்னொரு முகப்பு. அந்த இடத்தில் "வணக்கம், நான் இன்னார்" என்று இருந்தால், ஏற்கெனவே ஒருமுறை கடந்துபோனவர் இரண்டாவது முறை எதற்காக நிற்பார்?

"ஃப்ளோ எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், முதலில் டிசைன் சரி பண்ணட்டும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். இதைத்தான் நான் கடுமையாக மறுக்கிறேன். வரிசை முதலில், புரிகிறதா என்பது அடுத்து, கண் எங்கே போகிறது என்பது கடைசியில். காரணம் எளிது. வரிசையைச் சரி செய்தால் மூன்றாவது ஸ்லைடே போய்விடும். போகப் போகிற ஸ்லைடுக்கு நிறம் மாற்றச் சொல்லி ஒருவருடைய இரவைத் தின்பது நியாயமா? வரிசையைப் பார்க்க எனக்கு ஒரு பழக்கம் உண்டு: தலைப்புகளை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் படிப்பேன். ஒரு பத்தி போல ஓடினால் சரி. இரண்டு தலைப்புகளை இடம் மாற்றியும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை என்றால், அங்கே வரிசை என்று ஒன்று இல்லை, பட்டியல்தான் இருக்கிறது. ஏழு குறிப்புகள் மாதிரியான கரோசலுக்குப் பட்டியலே போதும். முதல் ஸ்லைடில் கேள்வி கேட்ட கரோசலுக்குப் போதாது.

இந்த இடத்தில் என் கதையைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில், ஒரு விளக்கக் கையேட்டின் டிராஃப்டைக் காட்டியபோது மேலே இருந்தவர் சொன்னது "இன்னும் கொஞ்சம் உயிர் வேணும்" என்பது மட்டும்தான். உயிர் என்றால் என்ன? ஃபான்ட் மாற்றினேன். படம் மாற்றினேன். பின்னணி நிறம் மாற்றினேன். ஒவ்வொரு முறையும் "ம்ம், இன்னும்" என்றார். கடைசியில் பக்கத்து மேசையில் இருந்த அக்கா ஒருவர் அதை வாங்கிப் படித்துவிட்டு, ஒரு பத்தியில் விரல் வைத்து, "இங்க 'அது'ன்னு போட்டிருக்கியே, எது?" என்று கேட்டார். அந்த 'அது' முந்தைய பக்கத்தில் வெட்டப்பட்ட ஒரு வாக்கியத்தைக் குறித்தது. வெட்டச் சொன்னதும் அதே மேலதிகாரிதான். ஒரு கேள்வியில் முடிந்த விஷயம். அந்த அக்கா எனக்கு யோசனை எதுவும் சொல்லவில்லை. தான் எங்கே தடுக்கினார் என்று காட்டினார். அவ்வளவு நாள் நான் பட்ட அவதியை இன்று இன்னொருவர் படுவதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது?

தெளிவைப் பற்றி நான் எழுதியதும் அப்படித்தான். நான்காவது ஸ்லைடில் "மூன்று பிரதிகள், இரண்டு வெவ்வேறு மீடியா, ஒன்று வெளியே" என்று இருந்தது. "இது எனக்கு இப்படிப் புரிந்தது: போட்டோக்களை மூன்று ஃபோல்டரில் வைக்க வேண்டும், அதில் இரண்டில் போட்டோவும் வீடியோவும் தனித்தனியாக. இதைத்தான் சொல்ல வந்தீர்களா?" என்று கேட்டேன். இதைத்தான் நேற்று கிண்டல் என்று எடுத்துக்கொண்டார்கள். கிண்டல் இல்லை. விஷயம் தெரியாதவர் அப்படித்தான் படிப்பார், 'மீடியா' என்றால் அவருக்கு வீடியோதான் ஞாபகம் வரும். உண்மையில் அந்த விதி சொல்வது போனில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க் போல வேறு வகைச் சாதனத்தில் ஒன்று, அப்புறம் வீட்டுக்கு வெளியே வேறு இடத்தில் ஒன்று. "தெளிவாக இல்லை" என்று சொன்னால் எழுதியவர் எதைத் திருத்துவார்? அவருக்கு அது தெளிவாகத்தானே இருக்கிறது, எழுதியதே அவர்தான். நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டதை அப்படியே திருப்பிக் கொடுத்தால், எந்தச் சொல் காலை வாரியது என்று அவரே கண்டுபிடித்துவிடுவார்.

அப்புறம் கண் போகும் பாதை. இதில்தான் எல்லோரும் 'கலர்', 'பாப்' என்று பேசுகிறார்கள். ஐந்தாவது ஸ்லைடைத் திறந்ததும் என் கண் முதலில் போனது நடுவில் இருந்த மஞ்சள் மேகப் படத்துக்கு, அடுத்து கீழே இருந்த லோகோவுக்கு, மூன்றாவதாகத்தான் தலைப்புக்கு. "இங்கே அழித்தால் அங்கேயும் அழியும்" என்ற வரிக்குக் கண் போகவே இல்லை, தேடித்தான் படித்தேன். இந்த வரிசையை 1, 2, 3 என்று எழுதினேன். மஞ்சள் பிடிக்கவில்லை என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. மஞ்சளை அந்த வரிக்குக் கொடுத்துவிட்டு மேகத்தைச் சாம்பலாக்குங்கள் என்றேன். பிடிப்பதும் பிடிக்காததும் என் சொந்த விஷயம், அதை அவருடைய டிராஃப்டில் ஏற்றக்கூடாது. கண் எந்த வரிசையில் போனது என்பதை யார் வேண்டுமானாலும் போனைக் கையெட்டும் தூரத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்துச் சரிபார்க்கலாம். மங்கலாகத் தெரியும்போதும் முதலில் நிற்பது எதுவோ அதுதான் அந்த ஸ்லைடில் பெரியது.

எழுத்து அளவைச் சொன்னதற்கு "நம்பர் எல்லாம் எதுக்கு" என்று ஒரு கமென்ட். எதற்கென்றால், 1080 பிக்சல் அகலத்தில் கம்ப்யூட்டரில் செய்கிறோம், படிப்பவருடைய போன் திரை அதைக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கிக் காட்டுகிறது. அவர் வைத்திருந்த 26 அளவு எழுத்து கையில் வரும்போது 9 போலத் தெரியும். அதிலும் வெள்ளையில் வெளிர் சாம்பல். தமிழ் எழுத்தில் மேலே கொக்கியும் கீழே சுழியும் இருப்பதால், வரி இடைவெளியும் குறைந்தால் 'ழு'வும் அடுத்த வரியின் 'கி'யும் முட்டிக்கொள்கின்றன. 40-க்குக் கீழே போகாதீர்கள், இடம் பத்தவில்லை என்றால் எழுத்தைக் குறைக்காமல் வார்த்தையைக் குறையுங்கள் என்றேன். நம்பர் சொன்னால்தான் திருத்த முடியும்.

இனி உங்கள் ஆட்சேபங்கள். "அவரே கேட்டது சும்மா ஒரு கருத்து" என்கிறீர்கள். 'பார்த்துச் சொல்லுங்க' என்பதை அப்படிப் படிப்பதே எனக்குப் புரியவில்லை. "எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்க வேண்டாம்" என்பதில் கொஞ்சம் நியாயம் உண்டு, ஆனால் எல்லோர் முன்னாலும்தான் கேட்டார். "இவ்வளவு பேசுகிறவர் நீங்களே செய்து காட்டியிருக்கலாமே" என்பதற்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்கிறேன். ஒருவருடைய டிராஃப்டை எடுத்து நானே திருத்தி ஒட்டிவிட்டால் அது என்னுடையதாகிவிடும், அடுத்த கரோசலில் அவர் அதே இரண்டாவது ஸ்லைடில் அதே அறிமுகத்தை வைப்பார், ஏனென்றால் ஏன் மாற்றினேன் என்று அவருக்குத் தெரியாது. நேற்று ஒருவர் அப்படித்தான் அழகாக ஒரு முதல் ஸ்லைடைச் செய்து கமென்டில் போட்டார், கைதட்டல் அவருக்குப் போனது. கேட்ட தம்பிக்கு என்ன கிடைத்தது?

"ஆரம்பத்தில் இருப்பவர்கள் மனசு உடைந்துவிடும்" என்பதுதான் என்னை அதிகமாகக் குத்தியது. அவருடைய ஒன்பது ஸ்லைடையும் போனில், அவர் வாசகர் பார்ப்பது போலவே, நிறுத்தி நிதானமாகப் படித்தேன். முதல் ஸ்லைடு ஏன் வேலை செய்கிறது என்பதையும் எழுதினேன், அதை யாரும் எடுத்துக்காட்டவில்லை. "சூப்பர் ப்ரோ" என்றவர்களில் எத்தனை பேர் ஐந்தாவது ஸ்லைடு வரை போனார்கள்? போயிருந்தால் ஆறாவதிலும் ஏழாவதிலும் ஒரே தலைப்பு இருப்பது ஒருவர் கண்ணிலாவது பட்டிருக்குமே. படிக்காமல் பாராட்டியவர் அன்பானவர், உட்கார்ந்து படித்தவன் கொடுமைக்காரன். இந்தக் கணக்கு எனக்கு வலிக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

நேரமில்லை என்றால் ஒரு வரி போதும். "நான்காவதில் நின்றேன், மீடியா என்றால் என்னவென்று புரியவில்லை." இதை எழுத அரை நிமிடம் ஆகாது.

தம்பி இதைப் படித்தால்: பதிவு அழிவதற்குள் ஏழாவது ஸ்லைடைப் பற்றி எழுத முடியவில்லை. பேக்கப் எடுத்த படம் உண்மையில் திறக்கிறதா என்று சோதித்துப் பார்க்கச் சொல்கிறீர்கள், ஆனால் தலைப்பு ஆறாவதில் இருந்த அதே "வெளி ஹார்ட் டிஸ்க்". அதனால் ஹார்ட் டிஸ்க் பற்றிய பகுதி இன்னும் முடியவில்லை என்று நினைத்து வேகமாகத் தள்ளிவிட்டேன், திரும்பி வந்துதான் படித்தேன். "ஒரு படத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள்" என்று அதற்குத் தனித் தலைப்புக் கொடுங்கள். வலது மேல் மூலையில் நீங்கள் போட்டிருக்கும் பக்க எண்ணையும் எடுத்துவிடுங்கள், அதே இடத்தில் ஆப் தன் எண்ணைக் காட்டும்போது இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிறது.