தொடக்கத் திசைவேகம் இருந்தால் கம்பி பழைய இடத்துக்குத் திரும்பாமல் போகலாம்

“முடிவில்லாக் கம்பியில் எப்படித் தொடங்கினாலும் அலை இரண்டாகப் பிரிந்து ஓடிவிடும், கடந்த இடம் பழையபடி ஆகிவிடும்” என்று சொல்வதுண்டு.

இழுத்துப் பிடித்து, அசைவில்லாமல் விட்ட கம்பிக்கு இது சரி. தொடக்கத் திசைவேகம் g(x) இருந்தால் கதை மாறுகிறது. பிரெஞ்சுக் கணிதவியலாளர் த’அலம்பேர் 1747-இல் தந்த தீர்வின் இரண்டாம் பகுதியைப் பாருங்கள்:

```
u = ½[f(x−ct) + f(x+ct)] + (1/(2c)) ∫ g(s) ds
```

இங்கே u என்பது t நேரத்தில் கம்பியின் இடப்பெயர்ச்சி, f அதன் தொடக்க வடிவம், c அலையின் வேகம். தொகையீடு x−ct முதல் x+ct வரை.

ஒரு கணக்கு போடுவோம். கம்பி நேராக இருக்கிறது, அதாவது f = 0. c = 20 மீ/வி. நடுவில் 20 செ.மீ. நீளத்துக்கு மட்டும் 2 மீ/வி வேகம் கொடுக்கிறோம். நடுப்புள்ளி 0.005 நொடியில் 1 செ.மீ. உயர்ந்து அங்கேயே நின்றுவிடும். 1 மீட்டர் தள்ளியுள்ள புள்ளி 0.045 நொடி வரை அசையாது, 0.055 நொடியில் அதுவும் 1 செ.மீ. உயரத்தில் நின்றுவிடும். இரு பக்கமும் ஓடுவது மேட்டின் விளிம்புகள்தான். நடுவே மேடு அப்படியே இருக்கும். g-இன் மொத்தத் தொகையீடு சுழியானால்தான் இறங்கும்.

“என் கிட்டார் கம்பி திரும்பி வருகிறதே” என்றவருக்கு: அதன் முனைகள் கட்டப்பட்டவை, எதிரொலித்து வரும் அலை மேட்டை இறக்கிவிடுகிறது. “பாதி பாதியாகத்தான் பிரியும்” என்றவரும் g = −c f′ வைத்துப் பார்க்கலாம்; முழு வடிவமும் வலப்பக்கம் மட்டுமே போகும்.

விறைப்பான கம்பி பற்றிய கேள்வி வேறு. அங்கே வேகம் அலைநீளத்தைப் பொறுத்து மாறும், இந்தச் சூத்திரம் பொருந்தாது. அதைத் தனியாகப் பேச வேண்டும்.